ஒரு சம்பளத்தில் துண்டு விழாமல்: பிரிவுக்குப் பிறகு ஒரு தாயின் மாதக் கணக்கு

கணவன் மனைவி பிரியும்போது வருமானம் ஒரே நாளில் குறைந்துவிடுகிறது. செலவு அப்படிக் குறைவதில்லை. மூன்று பேர் இருந்த வீட்டில் ஒருவர் வெளியேறினால் செலவில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்று தோன்றும். ஆனால் வாடகை, கேஸ், இன்டர்நெட் போன்றவை ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுபவை அல்ல. ஒரு குடும்பம் இரண்டாகும்போது இரண்டு வாடகையும் இரண்டு கேஸ் இணைப்பும் உருவாகின்றன.

இதை அளக்கப் பொருளாதார அறிஞர்கள் ஓர் எளிய அளவுகோல் வைத்திருக்கிறார்கள். பல நாடுகளின் புள்ளியியல் துறைகள் பயன்படுத்தும் அந்த முறையில் முதல் பெரியவருக்கு 1, அடுத்த பெரியவருக்கு 0.5, 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 0.3 என்று மதிப்பிடுவார்கள். அப்பா, அம்மா, குழந்தை சேர்ந்த வீட்டின் தேவை 1.8. அம்மாவும் குழந்தையும் மட்டும் என்றால் 1.3. அதாவது பழைய தேவையில் 72 சதவீதம் அப்படியே நிற்கிறது. வருமானம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ போயிருக்கும். இந்த இடைவெளிதான் புதிய மாதக் கணக்கின் அடிப்படைச் சிக்கல். பால் பாக்கெட்டையும் காய்கறியையும் குறைத்து இதைச் சரிக்கட்ட முடியாது.

பழைய கணக்கில் இல்லாத செலவு

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். சென்னைப் புறநகரில் குரோம்பேட்டையில் வசிக்கும் ஒரு பெண், தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். பிடித்தம் போகக் கைக்கு வருவது 32,000 ரூபாய். கணவருக்கு 44,000. மகளுக்கு நான்கு வயது, எல்.கே.ஜி. படிக்கிறாள். சேர்ந்து வாழ்ந்தபோது வரவு 76,000, செலவு 62,000. பிரிந்தபின் தாயின் கையில் இருப்பது பழைய வரவில் 42 சதவீதம். பழைய வாழ்க்கைத் தரத்தை அப்படியே வைத்திருக்க, மேலே சொன்ன அளவுகோலின்படி சுமார் 44,800 ரூபாய் வேண்டும்.

இதிலும் ஒரு செலவு விடுபட்டிருக்கிறது. அதுவரை பள்ளி விட்டதும் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் மாமியார். அந்த உழைப்புக்கு யாரும் பணம் கொடுக்கவில்லை. எந்தக் கணக்கிலும் அது எழுதப்படவில்லை. பிரிவுக்குப் பிறகு அதே வேலைக்கு டேகேர் மாதம் 6,500 ரூபாய் கேட்கிறது.

எனவே புதிய கணக்கு பழைய கணக்கைத் திருத்துவதில் தொடங்கக் கூடாது. புதிதாகவே எழுதப்பட வேண்டும். கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு விவரத்தையும் யு.பி.ஐ. பரிமாற்றப் பட்டியலையும் எடுத்து, ஒவ்வொரு செலவையும் நான்காகப் பிரிக்கலாம்: கணவரோடு போய்விடுவது, குறைவது, குறையாமல் நிற்பது, புதிதாக முளைப்பது. இந்தப் பெண்ணின் முதல் மாதச் செலவு இப்படி வருகிறது:

வாடகை – 10,000
அடுக்ககப் பராமரிப்பு, தண்ணீர் – 1,000
மின்சாரம் (இரு மாத பில்லில் பாதி) – 350
கேஸ் சிலிண்டர் (இரு மாதத்துக்கு ஒன்று) – 450
மளிகை, பால், காய்கறி – 8,000
டேகேர் – 6,500
பள்ளிக் கட்டணம் (ஆண்டுக்கு 36,000) – 3,000
பள்ளி வேன் – 1,500
அலுவலகப் போக்குவரத்து – 1,500
போன், இன்டர்நெட் – 800
மருத்துவம் – 1,200
தனிநபர் கடன் தவணை (இன்னும் 9 மாதம்) – 3,200
துணி, பண்டிகை, இதர செலவு – 1,500

மொத்தம் 39,000. மாதம் 7,000 துண்டு விழுகிறது. உண்மையில் இதுவும் குறைத்துப் போட்ட கணக்குத்தான்.

டேகேர் கட்டணத்தை ஆண்டுக் கணக்கில் பார்க்க வேண்டும்

டேகேர் சொல்லும் மாதக் கட்டணம் பள்ளி நடக்கும் மாதங்களுக்கானது. கோடை விடுமுறையில் குழந்தை காலை முதல் மாலை வரை அங்கேயே இருப்பதால் கட்டணம் உயரும். இந்த எடுத்துக்காட்டில் அது 9,500 ரூபாய். பத்து மாதத்துக்கு 65,000, இரண்டு மாதத்துக்கு 19,000, மொத்தம் 84,000. மாதச் சராசரி 7,000 ஆகிறது.

அடுத்தது காய்ச்சல் நாட்கள். உடம்பு சூடாக இருக்கும் குழந்தையை எந்த டேகேரும் சேர்த்துக்கொள்ளாது. வீட்டில் ஒரே பெரியவர் இருக்கும்போது, அன்றைக்குத் தாய் விடுப்பு எடுக்க வேண்டும், அல்லது தெரிந்த ஒருவரை அன்றாடக் கூலிக்கு அமர்த்த வேண்டும். விடுப்பு தீர்ந்துபோனால் ஒரு நாள் சம்பளப் பிடித்தம் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். மாலையில் தாமதமாக வந்தால் அரை மணிக்கு இவ்வளவு என்று டேகேர் தனியாக வசூலிப்பதும் உண்டு. இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 6,000, அதாவது மாதம் 500 ஒதுக்கினால், குழந்தைப் பராமரிப்பின் உண்மையான விலை 7,500. மாதச் செலவு 40,000. துண்டு 8,000.

சேரும் முன்பே டேகேரிடம் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது: விடுமுறை மாதக் கட்டணம் எவ்வளவு, தாமதக் கட்டணம் எத்தனை மணிக்குத் தொடங்கும், குழந்தை வராத நாட்களுக்குக் கழிவு உண்டா, பள்ளியிலிருந்து குழந்தையை அவர்களே அழைத்து வருவார்களா. கடைசிக் கேள்வியின் பதில் வேன் செலவை மிச்சப்படுத்தக்கூடும்.

அலுவலகத்திலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். மகப்பேறு பயன் சட்டத்தில் 2017இல் கொண்டுவந்த திருத்தம், 50 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குக் குழந்தைக் காப்பக வசதியைக் கட்டாயமாக்கியது. தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே போய்வரவும் அது இடம் தந்தது. நிறுவனம் தானே காப்பகம் நடத்தாவிட்டாலும் அருகிலுள்ள காப்பகத்தோடு ஏற்பாடு செய்திருக்கலாம். மனிதவளப் பிரிவில் கேட்காமல் இது தெரியவராது. அங்கன்வாடி இலவசம் என்றாலும், மாலை ஆறு மணிக்கு மேல் வீடு திரும்பும் ஒருவருக்கு அதன் நேரம் பொருந்தாது.

வேலையை விட்டால் மிச்சமாகுமா?

சம்பளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு டேகேருக்குப் போவதைப் பார்த்ததும், வீட்டுக்குப் பக்கத்தில் அரை நாள் வேலை பார்த்தால் போதுமே என்ற எண்ணம் வரும். உறவினர்களும் அதையே சொல்வார்கள். முடிவெடுக்கும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

இப்போதைய வேலையில் 32,000 வருகிறது. வேலைக்குப் போவதற்காகவே ஆகும் செலவு குழந்தைப் பராமரிப்பு 7,500, போக்குவரத்து 1,500. மிஞ்சுவது 23,000. பள்ளி நேரத்துக்குள் முடியும் பகுதிநேர வேலைக்கு 14,000 கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், டேகேர் இல்லாமலும் மிஞ்சுவது ஏறக்குறைய 13,500தான். வித்தியாசம் மாதம் 9,500 ரூபாய். வருங்கால வைப்பு நிதி, நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு, பணிக்கொடைக்கான சேவைக் காலம் ஆகியவையும் முதல் வேலையோடுதான் வருகின்றன. குழந்தை வளர வளர டேகேர் செலவு குறையும். விட்ட வேலையின் சம்பளம் அதே இடத்தில் காத்திருக்காது. ஆகவே டேகேரை வாடகைக்கு அடுத்த இடத்தில், தொடக் கூடாத செலவாக வைப்பதே சரியான கணக்கு. சம்பளம் குறைவாக இருந்து, இந்த வித்தியாசம் ஆயிரம் இரண்டாயிரத்துக்கு வந்துவிட்டால் மட்டுமே பகுதிநேர வேலையைப் பற்றி யோசிக்க இடமுண்டு.

பெரிய செலவிலிருந்து வெட்டுவது

துண்டு 8,000 ஆக இருக்கும்போது, பெரிய செலவுகளில்தான் முதலில் கை வைக்க வேண்டும். இந்தக் கணக்கில் முதல் இடம் வீட்டுக்கு. அடுக்ககத்தை விட்டு, பள்ளிக்கும் டேகேருக்கும் நடக்கும் தூரத்தில் ஒரு மாடிப் பகுதிக்கு 9,000 வாடகையில் மாறினால் பராமரிப்புக் கட்டணமும் இல்லை. 2,000 மிச்சம். டேகேர் ஆயாவே குழந்தையை அழைத்து வருவதால் வேனும் வேண்டாம். இன்னொரு 1,500 மிச்சம். ஒரே இடமாற்றத்தில் துண்டு 4,500 ஆகக் குறைகிறது.

மாறுவதற்கு முன்பணம் வேண்டும். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது குடியிருப்புகளுக்கான முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. நடைமுறையில் அதிகம் கேட்பவர்கள் உண்டு. பேரம் பேச இந்த வரம்பு உதவும். பழைய வீட்டு முன்பணம் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமே திரும்பும். வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில் இருந்தால், அந்தத் தொகையை நம்பி புது வீட்டுக்கு அட்வான்ஸ் தருவதாக வாக்குக் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது போக்குவரத்து. ரயில் சீசன் டிக்கெட்டும், பெண்களுக்குக் கட்டணமில்லாத சாதாரண நகரப் பேருந்தும் ஷேர் ஆட்டோவுக்கு மாற்றானால் 1,500 என்பது 500 ஆகும். ஆனால் டேகேர் தாமதக் கட்டணம் தொடங்கும் நேரத்துக்குள் வந்துசேர முடிகிறதா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் இதை மிச்சம் என்று எழுத வேண்டும்.

மூன்றாவது ரேஷன். பெயர் கணவர் வீட்டு அட்டையிலேயே இருந்தால் பொருளும் அங்கேதான் போகும். தன் பெயரையும் குழந்தை பெயரையும் நீக்கிப் புது அட்டைக்கு விண்ணப்பிக்க வட்ட வழங்கல் அலுவலகத்தை அணுக வேண்டும். விலையில்லா அரிசியும், மலிவு விலைத் துவரம்பருப்பும் பாமாயிலும் சேர்ந்தால் மளிகையில் 700 ரூபாய் குறையலாம். போன் திட்டத்தை மாற்றி 300, இதர செலவில் 500 குறைக்கலாம்.

எல்லாம் சேர்ந்து 6,000. செலவு 34,000 ஆகிறது. துண்டு இப்போது 2,000.

அரசு உதவிகள் எல்லாம் இவருக்குக் கிடைக்காது என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தனியார் பள்ளிகளில் 25 சதவீத இலவச இடத்துக்கான வருமான வரம்பு இரண்டு லட்சம். கைக்கு வருவதை மட்டும் எண்ணினாலும் இவருக்கு ஆண்டுக்கு 3,84,000. வரக்கூடும் என்று எழுதிவைத்த தொகை வராமல் போகும் மாதத்தில்தான் கடன் தொடங்குகிறது.

முடிவுள்ள துண்டும் முடிவில்லாத துண்டும்

மாதம் 8,000 துண்டு விழும் நிலையிலேயே காலத்தை ஓட்டுபவர்கள் செய்வது நகையை அடகு வைப்பது. முதல் மாதம் ஒரு வளையல், அடுத்த மாதம் ஒரு செயின். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று கொண்டால், ஓராண்டு முடிவில் 96,000 அசலும் சுமார் 6,000 வட்டியும் நிற்கும். மாதச் செலவு குறையாததால் மீட்க வழி இருக்காது. ஓராண்டில் மீட்கவோ புதுப்பிக்கவோ முடியாத நகை ஏலத்துக்குப் போகும்.

துண்டு 2,000 ஆகக் குறைந்த கணக்கு வேறு வகை. கடன் தவணை 3,200 இன்னும் ஒன்பது மாதத்தில் முடிகிறது. அதன்பின் செலவு 30,800. மாதம் 1,200 மிஞ்சும். ஆக, அடைக்க வேண்டிய மொத்தப் பள்ளம் 18,000. தீபாவளி போனஸும் கையிருப்பும் சேர்ந்து இதை அடைக்க முடியலாம். முடியாவிட்டால் ஒரே ஒரு முறை, இந்தத் தொகைக்கு மட்டும் நகைக்கடன் வாங்கலாம்; எந்த மாதத்தில் வருவாய் செலவைத் தாண்டும் என்று தெரிந்திருப்பதால் அது மீளக்கூடிய கடன்.

கணக்கு எந்த வகை என்று கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. சம்பளக் கணக்கில் பணம் எந்தத் தேதியில் தீர்கிறது என்று மாதாமாதம் குறித்துவைக்க வேண்டும். 20, 22, 25 என்று தேதி பின்னால் நகர்ந்தால் கணக்கு தேறிவருகிறது. 25, 22, 20 என்று முன்னால் வந்தால், பட்டியலில் எழுதாத ஏதோ ஒரு செலவு இருக்கிறது. பெரும்பாலும் அது ஜூன் மாதத்துப் பள்ளிப் புத்தகம், சீருடை போன்ற ஆண்டுச் செலவு. அதனால்தான் பள்ளிக் கட்டணத்துக்கான 3,000ஐயும் டேகேர் கோடைக் கட்டணத்துக்கான 500ஐயும் சம்பளம் வந்த அன்றே வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும்.

பழைய பொதுக் கணக்குகள்

இருவரும் சேர்ந்து கையெழுத்திட்ட கடன், பிரிந்ததும் இரண்டாகப் பிரிந்துவிடாது. கூட்டுக் கடனில் முழுத் தொகையையும் இருவரில் யாரிடமும் வங்கி கேட்கலாம். ‘நான் கட்டிவிடுகிறேன்’ என்று கணவர் வாய்மொழியாகச் சொன்ன தவணை தவறினால் மனைவியின் கடன் மதிப்பெண்ணும் சேர்ந்தே விழும். எனவே கூட்டுக் கடன் எதிலெல்லாம் தன் பெயர் இருக்கிறது என்பதைக் கடன் அறிக்கை எடுத்துப் பார்ப்பது முதல் வாரத்து வேலை.

பொதுக் கணக்கில் போய்விழும் சம்பளத்தைத் தன் தனிக் கணக்குக்கு மாற்றுவது, அந்தக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் தொகைகளைப் பட்டியலிடுவது, குழந்தை யாருடைய மருத்துவக் காப்பீட்டில் இருக்கிறாள் என்று பார்ப்பது ஆகியவையும் அதே வாரத்தில் நடக்க வேண்டும். குழந்தை கணவரின் அலுவலகக் காப்பீட்டில் மட்டும் இருந்தால், அவர் வேலை மாறும் நாளில் பாதுகாப்பு போய்விடும். தாயின் நிறுவனக் காப்பீட்டிலும் சேர்த்துவைப்பது ஒரு காய்ச்சல் படுக்கையில் முழுக் கணக்கும் கவிழாமல் காக்கும்.

ஜீவனாம்சத்தை எங்கே எழுதுவது?

குழந்தையின் பராமரிப்புக்குத் தகப்பன் பணம் தர வேண்டும் என்பது சட்டம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாகியிருக்கிறது. விவாகரத்து வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். தாய் சம்பாதிக்கிறார் என்பது குழந்தையின் உரிமையைத் தடுக்காது.

ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன இரண்டு விஷயங்கள் மாதக் கணக்கோடு நேரடியாகத் தொடர்புடையவை. ஒன்று, இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன், மாதச் செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஆக, மேலே எழுதிய பட்டியலே வழக்கில் வைக்க வேண்டிய ஆவணத்தின் அடிப்படை. டேகேர் ரசீது, பள்ளிக் கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை மாதவாரியாக ஒரு கோப்பில் போட்டுவைப்பதன் பயன் இதுதான். ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காத செலவை நிரூபிக்க முடியாது. இரண்டு, ஜீவனாம்சம் விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்கிடப்படும். விண்ணப்பத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்த மாதத் தொகை போய்விடுகிறது.

எவ்வளவு கேட்பது? பிள்ளைகளின் கல்விச் செலவைச் சாதாரணமாகத் தகப்பன் ஏற்க வேண்டும், தாயும் போதுமான அளவு சம்பாதித்தால் விகிதாசாரப்படி பகிரலாம் என்பது அதே தீர்ப்பின் வழிகாட்டல். 44,000க்கு 32,000 என்ற விகிதத்தில் தகப்பனின் பங்கு 58 சதவீதம். பள்ளியும் பராமரிப்பும் சேர்ந்த 10,500இல் அது ஏறத்தாழ 6,100 ரூபாய். குழந்தையின் உணவு, மருத்துவம், வீட்டுச் செலவில் அவளுக்கான பங்கு ஆகியவை இதற்கு மேல். நீதிமன்றம் இதே தொகையைத் தரும் என்று சொல்ல முடியாது. ஆனால் இப்படிக் கணக்கு காட்டும் கோரிக்கைக்கு எதிர்த்தரப்பும் கணக்கோடுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

உத்தரவு வந்த பிறகும் பணம் வருவது உறுதியில்லை. பாக்கி நின்றால், தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூலுக்கு விண்ணப்பிக்க வேண்டும்; தாண்டினால் இந்தப் பிரிவின் கீழ் வாரண்ட் மூலம் வசூலிக்கும் வழி அடைபடும். ஆகவே ஜீவனாம்சத்தை வரவுப் பக்கத்தில் எழுதும் நாள், அது வங்கியில் வந்து விழுந்த நாள் மட்டுமே. வாடகைக்கும் டேகேருக்கும் அதை நம்பக் கூடாது. வந்த மாதங்களில் அது தனிக் கணக்குக்குப் போய் அடுத்த பருவப் பள்ளிக் கட்டணமாகவோ, கடனின் மீதித் தவணையாகவோ மாற வேண்டும்.

பத்தாவது மாதத்தில் இந்தப் பெண்ணின் கையில் 1,200 ரூபாய் மிஞ்சத் தொடங்குகிறது. பள்ளத்துக்காகக் கடன் வாங்கியிருந்தால் முதலில் அது அடைபட வேண்டும். அதன்பின் முதல் இலக்கு ஒரு மாத வாடகையும் டேகேரும் சேர்ந்த 16,500 ரூபாயைக் கையிருப்பாக்குவது. மாதம் 1,200 வீதம் அதற்கு 14 மாதம் ஆகும். விகிதாசாரப்படி கேட்ட 6,100 தவறாமல் வந்தால் மூன்றே மாதம் போதும்.